இளையோர் பரிமாற்றத் திட்டக் கடிதம்: எதைக் கொண்டுபோவது, எதைக் கொண்டுவருவது

கேள்வி: இளையோர் பரிமாற்றத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். "திட்டத்துக்கு என்ன பங்களிப்பீர்கள், ஊர் திரும்பும்போது என்ன கொண்டுவருவீர்கள்" என்று 500 சொற்களில் கடிதம் கேட்கிறார்கள். எப்படி எழுதினாலும் எல்லோரும் எழுதுவதைப் போலவே வருகிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை தேடுவதில்தான் பெரும்பாலோருக்குச் சிக்கல் தொடங்குகிறது. பங்களிப்பு என்றதும் தலைமைப் பண்பு, குழுவாக இயங்கும் திறன், விடாமுயற்சி என்று குணங்களை அடுக்குகிறோம். கொண்டுவருவது என்றதும் புதிய அனுபவங்கள், உலகளாவிய பார்வை, சமூகத்துக்குச் சேவை என்று கனவுகளை அடுக்குகிறோம். முதல் அடுக்குக்கும் இரண்டாவது அடுக்குக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. இரண்டுமே யாருக்கும் பொருந்தும். நான் சில ஆண்டுகள் இத்தகைய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் இட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நினைவில் நின்ற கடிதங்கள் எல்லாவற்றிலும் இரண்டு விடைகளும் ஒரே வேலையிலிருந்து பிறந்திருந்தன. விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். அந்த வேலையில் அவர் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று அவருடைய பங்களிப்பு. அதே வேலையில் அவருக்கு இன்னும் பிடிபடாமல் நிற்கும் ஒன்று, அவர் தேடிப்போய்க் கொண்டுவர விரும்புவது.

திட்டத்தை நடத்துபவர்கள் திரும்பி வருவதைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. அமெரிக்க அரசின் பரிமாற்றத் திட்டங்களுக்கு அடிப்படையாக இருப்பது புல்பிரைட்-ஹேஸ் சட்டம் என்று அழைக்கப்படும் 1961ஆம் ஆண்டுச் சட்டம். இரு நாட்டு மக்களுக்கிடையே பரஸ்பரப் புரிதலை வளர்ப்பதையே அது தன் நோக்கமாகச் சொல்கிறது. பரஸ்பரம் என்ற அந்தச் சொல்லிலேயே கொடுப்பதும் பெறுவதும் அடங்கிவிடுகின்றன. இத்திட்டங்களில் செல்பவர்களுக்கு வழங்கப்படும் ஜே-1 விசாவில், அரசுப் பணத்தில் செல்வோர் உட்படச் சில பிரிவினர், விலக்குப் பெறாத வரை, சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டுகள் இருந்த பிறகே அமெரிக்காவுக்குக் குடியேற்ற விசாவோ சில வகை வேலை விசாக்களோ பெறமுடியும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகையும் படிப்பு முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சொந்த நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. ஆகவே, திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்பது மரியாதைக்காகக் கேட்கப்படும் கேள்வி ஆகாது. உங்களுக்காகச் செலவிடும் பணத்துக்கு அவர்கள் காட்டவேண்டிய கணக்கில் அது ஒரு வரி. "வாய்ப்புக் கிடைத்தால் அங்கேயே மேற்படிப்பைத் தொடர விரும்புகிறேன்" என்று நல்லெண்ணத்தோடு ஒரு வாக்கியம் சேர்த்து, மற்ற எல்லா வகையிலும் தேறிய விண்ணப்பத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பங்களிப்பு என்ற சொல்லுக்கும் திட்டத்துக்குத் திட்டம் வேறு பொருள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் இளையோர் பரிமாற்றங்களை எடுத்துக்கொண்டால், 13 முதல் 30 வயது வரையிலானவர்கள் குழுக்களாக 5 முதல் 21 நாட்கள் கூடுகிறார்கள். பயிலரங்கு, விவாதம், பாவனை நடிப்பு முதலியவற்றை அந்த இளைஞர்களே தயாரித்து நடத்தவேண்டும். அங்கே பங்களிப்பு என்றால் ஒரு அமர்வை நடத்துவது. ஒரு கல்வியாண்டு முழுவதும் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளியில் படிக்கும் திட்டத்தில் பங்களிப்பு என்பது அந்த வீட்டிலும் வகுப்பிலும் அன்றாடம் நடப்பது. ஓர் அமைப்பில் சில மாதங்கள் அமர்ந்து பணியாற்றும் தலைமைத்துவத் திட்டத்தில் அது அந்த அலுவலகத்தின் வேலையில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு. எனவே அறிவிப்பை மறுபடி படித்து, உங்களுக்கென்று எந்த நேரத்தில் எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பங்களிப்பு அந்த இடங்களில் ஒன்றில் போய் உட்காரவேண்டும். உட்கார இடமில்லாத பங்களிப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், படிப்பவர் அதற்கு மதிப்பெண் போடத் தெரியாமல் கடந்துபோய்விடுவார்.

இனி ஒரு கடிதத்தை எடுத்து அக்கக்காகப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. ஆனால் இதில் உள்ள தவறுகள் எல்லாம் நான் பலமுறை கண்டவை. விண்ணப்பிப்பவர் கல்லூரி இறுதியாண்டு மாணவி. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பொது நூலகத்தில் பத்து வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு வாசிப்பு வட்டம் நடத்துகிறார். அவரோடு தோழிகள் நான்கு பேர். திட்டம் ஆறு வாரங்களுக்கானது. அதில் ஒவ்வொருவரும் ஒரு மணி நேர அமர்வு நடத்தவேண்டும், வாரத்தில் ஒரு நாள் உள்ளூர்த் தன்னார்வ அமைப்பு ஒன்றோடு வேலை செய்யவேண்டும். முதல் வரைவில் அவர் இப்படி எழுதுகிறார்:

"சிறுவயது முதலே எனக்குச் சமூக சேவையில் ஆர்வம் அதிகம். தலைமைப் பண்பும் பிறரோடு இணைந்து செயல்படும் திறனும் என்னிடம் உள்ளன. எங்கள் வளமான பண்பாட்டை மற்ற நாட்டு இளைஞர்களோடு பகிர்ந்துகொள்வேன். திட்டத்தில் பெறும் அறிவைக் கொண்டு என் நாட்டின் கல்வி நிலையை உயர்த்தப் பாடுபடுவேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கீழே யாருடைய பெயரை எழுதினாலும் பொருந்திவிடுகிறது. நான் சொல்லும் முதல் சோதனை இதுதான்: பெயரை மறைத்துவிட்டுக் கடிதத்தை உங்களோடு வேலை செய்யும் ஒருவரிடம் கொடுங்கள். இது யார் எழுதியது என்று அவர் தயங்காமல் சொன்னால் கடிதம் உருப்பட்டுவிட்டது என்று பொருள். இந்த மாணவியின் தோழிகளால் மேலே உள்ளதைப் பார்த்து அப்படிச் சொல்லமுடியாது. வாசிப்பு வட்டமே அதில் வரவில்லை.

அவரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் சரக்கு வெளியே வருகிறது. வட்டத்தில் பதினெட்டுக் குழந்தைகள் சேர்ந்தார்கள். மூன்றாவது மாதத்தில் ஏழு பேர்தான் வந்தார்கள். ஏன் என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, நின்றுபோகாத ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஏதோ ஒரு பொறுப்பு இருந்தது தெரிந்தது. ஒருத்தி புத்தகம் கொடுத்து வாங்கும் ஏட்டை எழுதுகிறாள், ஒருவன் பாய் விரிக்கிறான், இன்னொருவன் அடுத்த வாரக் கதையைத் தேர்ந்தெடுக்கிறான். அதன் பிறகு சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் நாளே ஒரு பொறுப்புக் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த அரையாண்டில் வருகை பதினான்குக்குக் கீழே இறங்கவில்லை. இது ஆராய்ச்சி முடிவன்று, ஒரு சிறிய குழுவின் அனுபவம்தான். ஆனாலும் அவர் கையில் இருக்கும் உண்மையான பொருள் இது. வேறு நாட்டில் குழந்தைகளோடு வேலை செய்யும் ஓர் இளைஞருக்கு இது உடனே பயன்படும்.

அடுத்து, எது பிடிபடவில்லை என்று கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் கடிதத்தின் இரண்டாவது பாதி ஒளிந்திருக்கிறது. ஐந்து தன்னார்வலர்களும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். ஐவரும் ஒரே மாதத்தில் கல்லூரியை விட்டுப் போவார்கள். அதோடு வட்டம் நின்றுவிடும். இதற்கு முன் அதே நூலகத்தில் வேறு மாணவர்கள் நடத்திய ஒரு முயற்சியும் அப்படித்தான் நின்றுபோனது என்று நூலகர் சொல்லியிருக்கிறார். வேலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பது எப்படி என்பது இவர்களுக்குத் தெரியவில்லை. இதைத்தான் அவர் கொண்டுவரவேண்டும். சம்பளமில்லாத தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் பல ஆண்டுகளாக நிற்காமல் நடக்கும் அமைப்பு ஒன்றில் வாரம் ஒரு நாள் வேலை செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கப்போகிறது. அங்கே புதியவரை யார் சேர்க்கிறார்கள், பழையவர் எத்தனை வாரம் கூட இருந்து காட்டிக்கொடுக்கிறார், எவற்றை எழுதி வைக்கிறார்கள், எவற்றை வாய்மொழியாக விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்து வரலாம்.

இப்போது அதே கடிதம் இப்படி மாறுகிறது:

"எங்கள் வாசிப்பு வட்டத்தில் சேர்ந்த பதினெட்டுக் குழந்தைகள் மூன்றாம் மாதத்தில் ஏழாகக் குறைந்தனர். வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது, தொடர்ந்து வந்தவர்களில் ஐந்து பேருக்கு ஏதேனும் ஒரு பொறுப்பு இருந்ததைக் கண்டோம். அன்றிலிருந்து சேரும் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பை அளிக்கிறோம். கடந்த ஆறு மாதங்களில் வருகை பதினான்குக்குக் கீழே இறங்கவில்லை. எனக்கு ஒதுக்கப்படும் ஒரு மணி நேர அமர்வில் அந்தப் பதிவேட்டின் இரண்டு பக்கங்களைப் பங்கேற்பாளர்களிடம் கொடுத்து, காரணத்தை அவர்களே கண்டுபிடிக்கச் செய்வேன். பிறகு ஒவ்வொருவரும் தம் குழுவில் யாருக்கு என்ன பொறுப்புக் கொடுக்கலாம் என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

எங்களால் இன்னும் தீர்க்கமுடியாத சிக்கலும் ஒன்று உண்டு. நாங்கள் ஐவரும் வரும் ஆண்டில் ஒரே நேரத்தில் கல்லூரியை விட்டுச் செல்கிறோம். வாராந்திரத் தன்னார்வப் பணியின்போது, உங்கள் பங்காளர் அமைப்பு புதியவரைச் சேர்த்துப் பழக்கிப் பொறுப்பை ஒப்படைக்கும் முறையை ஆறு வாரமும் கவனித்துக் குறித்துக்கொள்ள விரும்புகிறேன். திரும்பிய முதல் மாதத்தில் அந்தக் குறிப்புகளிலிருந்து எங்கள் வட்டத்துக்கு ஏற்ற நான்கு பக்கக் கையேடு ஒன்றை எழுதுவேன். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் முதலாண்டு மாணவர்கள் நான்கு பேர் எங்களோடு சேர்ந்து வட்டத்தை நடத்துவார்கள். நான்காம் மாதத்தில் நாங்கள் வராமலேயே அவர்கள் நடத்துவார்கள். இடத்தை ஓராண்டுக்குத் தொடர்ந்து தர நூலகர் ஒப்புக்கொண்டிருக்கிறார்."

இந்த இரண்டு பத்திகளில் தலைமைப் பண்பு என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்ததும், தன் வேலை தன்னோடு முடியக்கூடாது என்று எண்ணியதும் அந்தப் பண்பைக் காட்டிவிடுகின்றன. தோல்வியை எழுதினால் மதிப்புக் குறையுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பதினெட்டு ஏழானதை மறைத்திருந்தால், பங்களிப்பதற்கு அவரிடம் எதுவுமே இருந்திருக்காது. ஆனால் தோல்வியைச் சொல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு: அதைக் கண்டுபிடித்த விதமும் அதன் பிறகு செய்ததும் உடனே பின்தொடர வேண்டும், வருத்தத்தை விவரிக்க ஒரு வாக்கியமும் செலவிடக்கூடாது.

திரும்பியபின் செய்வதைப் பற்றிய பகுதிதான் மிக அதிகமாகப் பழுதுபடுகிறது, ஆகவே அதில் சற்று நிற்கிறேன். அந்தத் திட்டத்தின் அளவு, பணம் எதுவும் கிடைக்காவிட்டாலும் நீங்கள் செய்துமுடிக்கக்கூடிய அளவாக இருக்கவேண்டும். சில அமைப்புகள் முன்னாள் பங்கேற்பாளர்களுக்குச் சிறு நிதி தருவது உண்மைதான். அது கிடைத்தால் பெரிதாகச் செய்யலாம். ஆனால் கடிதத்தில் நிதியை நம்பிய திட்டத்தை மட்டும் எழுதினால், நிதி வராவிட்டால் ஒன்றும் நடக்காது என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாகிவிடும். "பயிற்சி மையம் தொடங்குவேன்", "நூறு பள்ளிகளைச் சென்றடைவேன்" என்ற வாக்குறுதிகளைப் படிக்கும்போது, இவரிடம் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த இடம் இருக்கிறது என்று என் கண் பின்னோக்கித் தேடும். ஐந்து பேரும் ஒரு நூலகமும் இருந்தால் ஐந்து பேருக்கும் ஒரு நூலகத்துக்கும் ஏற்ற திட்டமே நம்பத்தக்கது. யாரோடு, எங்கே, எந்த மாதத்தில் என்ற மூன்றும் எழுதப்பட்டிருந்தால் போதும். யாருடைய அனுமதி தேவையோ அவரிடம் விண்ணப்பிக்கும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதையும் எழுதினால், அந்த ஒரு வாக்கியம் அரைப்பக்க உறுதிமொழிக்குச் சமம். கேட்காமல் "ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்று எழுதிவிடாதீர்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் அதே நூலகராக இருந்தால் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு பழுது நுட்பமானது. எழுதுபவருக்குத் தெரிவதே இல்லை. போகும் நாட்டை உயர்த்திக் காட்டுவதற்காகத் தம் ஊரைத் தாழ்த்தி எழுதிவிடுகிறார்கள். "எங்கள் பகுதியில் விழிப்புணர்வே கிடையாது, உங்கள் நாட்டின் முன்னேறிய முறைகளை இங்கே கொண்டுவந்து மக்களைத் திருத்துவேன்" என்ற தொனி வந்தால், இவர் ஊர் மக்களோடு வேலை செய்தவர்தானா என்ற ஐயம் எழுகிறது. அதோடு, பரிமாற்றம் என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விடுகிறது. கொடுக்க எதுவுமில்லாத ஊரிலிருந்து நீங்கள் எதைக் கொண்டுபோகிறீர்கள்? மேலே உள்ள கடிதத்தில் மாணவி முறையை அப்படியே தூக்கிவருவதாகச் சொல்லவில்லை, "எங்கள் வட்டத்துக்கு ஏற்ற" கையேடு என்கிறார். அங்கே சரியாக நடப்பது இங்கே நடக்காமலும் போகலாம் என்பது அவருக்குத் தெரியும் என்று அந்த ஒரு சொல்லிலிருந்தே படிப்பவர் உணர்ந்துகொள்கிறார்.

பண்பாட்டைப் பகிர்வேன் என்பதை முழுவதும் விலக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குடும்பத்தோடு தங்கும் திட்டங்களில் அதை எதிர்பார்க்கவே செய்கிறார்கள். ஆனால் நடனம் ஆடுவேன், சமைத்துக் காட்டுவேன் என்பதோடு நிற்காமல், எதை, யாருக்கு, எந்தச் சந்தர்ப்பத்தில் என்று சொல்லுங்கள். கோலம் போடத் தெரிந்த ஒருவர், புள்ளிகளை எண்ணிச் சமச்சீரான வடிவத்தைக் கட்டுவதைப் பள்ளிக் கணித வகுப்பில் ஒரு பாடவேளைக்குக் கற்பிப்பேன் என்று எழுதினால் அது பங்களிப்பாகிவிடும்.

500 சொற்களை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால், என் கணக்கு இது: செய்துகொண்டிருக்கும் வேலைக்கு 150, அங்கே கொடுக்கப்போவதற்கு 120, கொண்டுவந்து செய்யப்போவதற்கு 180, இந்தக் குறிப்பிட்ட திட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு மீதி 50. பெரும்பாலோர் பிறப்பு, பள்ளி, பரிசுகள் என்று தொடங்கி முதல் 200 சொற்களைத் தீர்த்துவிட்டு, கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளையும் கடைசிப் பத்தியில் திணிக்கிறார்கள். பரிசுகளுக்கு விண்ணப்பப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கும். அவை அங்கேயே இருக்கட்டும். சொல் எண்ணிக்கையை ஒருபோதும் மீறாதீர்கள். இணையப் படிவங்கள் சில எல்லை தாண்டியதை எச்சரிக்காமலே வெட்டிவிடுகின்றன, வெட்டுப்படுவது எப்போதும் கடைசிப் பத்திதான்.

கடிதத்தை ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ கொடுக்கவேண்டியிருந்தாலும், முதல் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள் என்பது என் தனிப்பட்ட பரிந்துரை. பழகாத மொழியில் நேரடியாகத் தொடங்கும்போது, நமக்கு மனப்பாடமான வாக்கியங்கள்தான் கைக்கு வருகின்றன. அவை எல்லோருக்கும் மனப்பாடமானவை. பாய் விரிக்கும் பையனைப் பற்றிய நினைவு நம் மொழியில்தான் முதலில் வரும். அதைப் பிடித்துவைத்துவிட்டால், பிறகு எந்த மொழிக்குக் கொண்டுபோனாலும் அது உங்களுடையதாகவே இருக்கும்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கடிதத்தில் வரும் ஒவ்வோர் எண்ணையும் விண்ணப்பப் படிவத்தோடும், முடிந்தால் பரிந்துரை எழுதுபவரிடம் கேட்டும் சரிபாருங்கள். படிவத்தில் "ஒன்றரை ஆண்டு" என்றும் கடிதத்தில் "இரண்டு ஆண்டுகள்" என்றும் இருந்தால், யாரும் அதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நேர்காணலில் முதல் கேள்வி அதுவாக இருக்கும். பொதுவாகவே நேர்காணலின் கேள்விகள் இந்தக் கடிதத்திலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. "பொறுப்புக் கொடுத்தும் நின்றுபோன குழந்தை உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் குழந்தைகளோடு உண்மையிலேயே உட்கார்ந்திருந்தவருக்கு இது எளிய கேள்வி. ஆகவே கடிதத்தின் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அதைப் பற்றிக் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள். எந்த வாக்கியத்தைப் பற்றிக் கேட்டால் உங்களால் இரண்டு நிமிடம் பேசமுடியாதோ, அந்த வாக்கியத்தை அனுப்புவதற்கு முன்பே அடித்துவிடுங்கள்.